ஜெயந்தி சிஸ்டரின் கோலாட்டக் குச்சி

கேள்வி: நைட் டியூட்டி நர்ஸுக்கு ராத்திரி முழுக்க எங்கெங்கிருந்தோ போன் வருமே, தன் வார்டு அழைப்பு மட்டும் காதில் விழும்படி எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்? கதையாகச் சொன்னாலும் சரி.

ஜெயந்தி என்று வைத்துக்கொள்வோம். ஆட்கள் கற்பனை, வேலை கற்பனை இல்லை. நானும் நைட் பார்த்தவள்தான்.

மூன்றாம் மாடியில் ஆண்கள் வார்டு. 24 படுக்கை, நடுவில் மடங்கிப் போகும் வராந்தா. இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை ஜெயந்தியும் ரம்யா என்ற புதுப் பெண்ணும் மட்டும். நோயாளி பெல்லை அமுக்கினால் நர்சிங் ஸ்டேஷனில் விளக்கு எரியும், மணி அடிக்கும். வராந்தா மடிப்புக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு அது கேட்காது. அதனால் ஸ்டேஷனில் இருப்பவர் அங்கே இருக்கும் வார்டு செல்போனிலிருந்து மற்றவரைக் கூப்பிட வேண்டும்.

ஜெயந்தியிடம் இருந்தது ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள நிர்வாகம் கொடுத்த சியூஜி போன். முன்பு அது மாடி முழுவதற்குமான சூப்பர்வைசரிடம் இருந்த எண். அந்த எண் எல்லார் பட்டியலிலும் இருந்தது. பில்லிங்கில் ஃபைல் காணவில்லையா, மருந்தகத்தில் மருந்து கேட்டு எழுதிய இன்டென்ட் புரியவில்லையா, கேட்டில் பார்வையாளர் தகராறா, எல்லாவற்றுக்கும் அந்த போன்தான் அடிக்கும். கையுறை போட்டு டிரெஸ்ஸிங் மாற்றிக்கொண்டிருக்கும்போது அடித்தால் கையுறையைக் கழற்றி, கையைத் துடைத்து, எடுத்துப் பார்த்தால், "சிஸ்டர், ஸ்ட்ரெச்சர் உங்க ஃபுளோர்ல இருக்கா?" என்பார்கள். இப்படி நாலு தடவை ஆனால் ஐந்தாவது தடவை எடுக்கத் தோன்றாது. அந்த ஐந்தாவதுதான் ரம்யாவாக இருக்கும்.

முதலில் ஜெயந்தி, ரம்யா கூப்பிடும் எண்ணுக்குத் தனி ரிங்டோன் வைத்துப் பார்த்தாள். சினிமாப் பாட்டு ஒன்று. அட்டெண்டர்களாகத் தங்கியிருக்கும் சொந்தக்காரர்கள் இரண்டு பேரிடம் அதே பாட்டு. போனோடு வரும் டோன்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வராந்தாவில் படுத்திருப்பவர்களில் பாதிப் பேர் அதை மாற்றியதே இல்லை. அடுத்து, சுத்தமாக இருக்கட்டும் என்று "பீப்-பீப்-பீப்" என மூன்று ஒலி வரும் டோன். அன்றிரவே மூன்று பீப் கேட்டதும் ரம்யா என்று நினைத்து போனை எடுத்தாள். அடித்தது 15ஆம் படுக்கையில் மருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றும் சிரிஞ்ச் பம்ப்.

அது தற்செயல் இல்லை. மருத்துவக் கருவிகளின் எச்சரிக்கை ஒலிக்கு IEC 60601-1-8 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. நடுத்தர அவசரத்துக்கு மூன்று துடிப்பு, உச்ச அவசரத்துக்குப் பத்து துடிப்பு என்று அது வகுத்திருக்கிறது. எனவே வார்டில் மூன்று பீப் என்பது ஏற்கெனவே கருவிகள் பேசும் பேச்சு. அதே பேச்சில் போனும் பேசினால் காது குழம்பும். அதைவிட மோசம், நாள் போகப்போக நிஜ பம்ப் அடிக்கும்போதும் "போன்தானே" என்று காது அசட்டையாகிவிடும்.

ஜெயந்தி அடுத்து எடுத்த முடிவு எனக்குப் பிடித்தது. வார்டில் எந்த இயந்திரமும் எழுப்பாத சத்தம் எது என்று யோசித்தாள். மரம். மகளின் பள்ளி ஆண்டுவிழாவுக்கு வாங்கிய கோலாட்டக் குச்சிகள் வீட்டில் கிடந்தன. போன் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு "டொக்... டொக்-டொக்" என்று தட்டிப் பதிவு செய்தாள். மரத் தட்டு கூர்மையாகத் தொடங்குகிறது, அதில் பல சுருதிகள் கலந்திருக்கின்றன. அதனால் அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது சட்டென்று பிடித்துக்கொள்கிறது. ஒரே சுருதியில் கீச்சிடும் இரண்டாயிரம், மூவாயிரம் ஹெர்ட்ஸ் பீப் அப்படியில்லை, அறை முழுக்க எங்கிருந்தோ வருவதுபோல இருக்கும். என் பையிலா, பக்கத்துப் படுக்கையிலா என்று தேட வைக்கும்.

டியூட்டி டாக்டருக்கும் அதே குச்சிதான், இடைவெளி விட்டு ஒற்றை ஒற்றைத் தட்டாக. இரண்டே டோன். நிறைய பேர் இங்கே ஆசைப்பட்டு ஆளுக்கொரு டோன் வைப்பார்கள். அரைத்தூக்கத்தில் நாலைந்து ராகத்தைப் பிரித்தறிய முடியாது, விட்டுவிடுங்கள்.

பிறகு சோதனை. சக்‌ஷன் மெஷினை ஓடவிட்டு, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ரம்யா ஸ்டேஷனிலிருந்து அடித்தாள். ஸ்பீக்கர் உடம்புப் பக்கம் இருந்தால் சத்தம் மங்கியது, வெளிப்பக்கம் திருப்பியதும் தெளிந்தது. பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டும் கேட்டுப் பார்த்தாள். ஒலி அளவைப் பாதிக்குக் குறைத்தும் கேட்டது, அது பெரிய லாபம். உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டி, இரவில் வார்டுக்குள் சராசரி 30 டெசிபல் போதும் என்கிறது. நான் பார்த்த வார்டுகளில் மின்விசிறியே அதைத் தாண்டும். அதற்காக போனும் சேர்ந்து கத்த வேண்டியதில்லை.

மற்ற அழைப்புகளை அடைப்பது சுலபம். ஆண்ட்ராய்டில் Do Not Disturb போட்டு, இரவு எட்டு முதல் காலை எட்டு வரை என்று நேரம் குறித்து, அழைப்புகளுக்கு Starred contacts மட்டும் என்று தேர்ந்தெடுத்தாள். ஸ்டார் போட்டது வார்டு செல்போனுக்கும் டியூட்டி டாக்டருக்கும். மற்றவர்கள் அடித்தால் திரையில் தெரியும், சத்தம் வராது.

ஆனால் லேப் இருக்கிறதே. ரத்தப் பரிசோதனையில் ஆபத்தான அளவு வந்தால் லேப் உடனே வார்டுக்குச் சொல்லியாக வேண்டும். அவர்கள் மேசை போனிலிருந்து அடித்தால் செல்போனில் தெரிவது ஆஸ்பத்திரியின் பொது எண். பில்லிங் அடித்தாலும் அதே எண், கேண்டீன் அடித்தாலும் அதே எண். டெலிபோன் போர்டு வழியாக வெளியே போகிற அழைப்பு அப்படித்தான் தெரியும். அந்த எண்ணுக்கு ஸ்டார் போட்டால் எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள். போடாவிட்டால் லேப் வெளியே நிற்கும்.

அதனால் Allow repeat callers என்பதை மட்டும் அணைக்காமல் வைத்தாள். ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைப்பு வந்தால் போன் அடிக்கும். லேபுக்கும் ரத்த வங்கிக்கும் நேரில் போய்ச் சொல்லிவைத்தாள்: "முதல்ல வார்டு லேண்ட்லைன். எடுக்கலைன்னா என் நம்பர். அதுவும் எடுக்கலைன்னா வச்சுட்டு உடனே இன்னொரு தடவை அடிங்க."

இதிலும் ஓட்டை உண்டு. பொது எண் ஒன்றே என்பதால், மருந்தகம் ஒரு தடவையும் பில்லிங் ஒரு தடவையும் பத்து நிமிடத்துக்குள் அடித்தால் போனுக்கு அது ஒரே ஆள் இரண்டு தடவை அடித்த கணக்கு. அப்போது சாதாரண டோனில் அடிக்கும். சாதாரண டோன் கேட்டால் எடுத்துத்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. ஓர் இரவில் ஓரிரு முறை வீணாகக் கையுறை கழற்றுவதைச் சகித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள்.

ஒருநாள் அதிகாலை இரண்டே முக்கால். 9ஆம் படுக்கையில் ஒருவர் வாந்தி எடுக்க, ரம்யா அங்கே. ஜெயந்தி மடிப்புக்கு அந்தப் பக்கம், 21ஆம் படுக்கைப் பெரியவரின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். சர்க்கரை நோய், சிறுநீரகமும் பலவீனம். ஸ்டேஷனில் லேண்ட்லைன் அடித்து ஓய்ந்தது. பையில் போன் சத்தமில்லாமல் ஒளிர்ந்து அணைந்தது. சில நொடியில் சாதாரண டோன்.

கையுறையைக் கழற்றி எடுத்தாள்.

"சிஸ்டர், லேப். 21ஆம் பெட், பொட்டாசியம் 6.9."

"சொல்றேன் தம்பி, சரிபாருங்க. 21ஆம் பெட், பொட்டாசியம் ஆறு புள்ளி ஒன்பது. சாம்பிள் ஹீமோலைஸ் ஆகியிருக்கா?"

"இல்ல சிஸ்டர், சீரம் நல்லாத்தான் இருக்கு."

அந்தக் கேள்வி முக்கியம். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால் உள்ளிருக்கும் பொட்டாசியம் கசிந்து அளவைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். அது இல்லையென்றால் எண் பெரும்பாலும் நிஜம். இயல்பான உச்சம் ஐந்துக்குச் சற்று மேல், 6.9 என்பது இதயத் துடிப்பையே குலைக்கக்கூடிய அளவு.

பெரியவர் விழித்துப் பார்த்தார். "என்னம்மா?"

"ஒண்ணுமில்லைங்க ஐயா, ஒரு ஈசிஜி எடுத்துக்கலாம்."

டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு ஈசிஜி எடுத்தாள். டி அலைகள் ஒல்லியாக, கூராக, உயர்ந்து நின்றன. டாக்டர் மாடியேறி வந்து, மானிட்டர் மாட்டி, பத்து சதவீத கால்சியம் குளுக்கோனேட் பத்து மில்லியை மெதுவாகப் போடச் சொன்னார். அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்தைக் காத்து அவகாசம் வாங்கித்தரும். குறைப்பதற்கு இன்சுலினும் குளுக்கோஸும். ஜெயந்தி மணிக்கொரு தரம் சர்க்கரை பார்த்தாள். இன்சுலின் போட்ட பிறகு சர்க்கரை தாழ்ந்து போவது இந்தச் சிகிச்சையில் அடிக்கடி நடப்பது.

நாலு மணி வாக்கில் பையில் "டொக்... டொக்-டொக்". ரம்யா. "அக்கா, ஒன்பதாம் பெட் டிரிப் வேகமா போகுது, கொஞ்சம் வர்றீங்களா?" அடுத்த சாம்பிளில் பெரியவரின் பொட்டாசியம் 5.8. சிறுநீரக மருத்துவரும் வந்துவிட்டார்.

விடிந்ததும் லேப் பையனின் சொந்த எண்ணை வாங்கி அதற்கும் ஸ்டார் போட்டாள். இரவில் அங்கே ஒரே ஆள்தான் இருப்பான், டியூட்டி மாறினால் எண்ணையும் மாற்ற வேண்டும். அதை ஹேண்ட்ஓவர் நோட்டில் எழுதினாள்.

எட்டு மணிக்கு Do Not Disturb தானாக விலகியது. எட்டு மூன்றுக்கு பில்லிங்.

"என்ன சிஸ்டர், ராத்திரி அடிச்சேன், நீங்க எடுக்கவே இல்லையே? பன்னிரண்டாம் பெட் டிஸ்சார்ஜ் ஃபைல் வேணும்."

"எத்தனை தடவை அடிச்சீங்க?"

"ஒரு தடவைதான்."

"அப்போ அவசரம் இல்லைதானே சார். ஃபைல் டே சிஸ்டர்கிட்ட இருக்கு."