மாலை 4 மணிக்கு சர்வர் படுத்தால்

*அன்புள்ள சார்,*

*டேட்டா பேக்கப் மென்பொருள் விற்கும் கம்பெனியில் ப்ரீசேல்ஸ் இன்ஜினியராக இருக்கிறேன். சப்போர்ட் டீமிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகிறது. எதிரில் ஐ.டி. ஆட்கள் மட்டும் இருந்தால் டெமோ நன்றாகப் போகிறது. ஃபைனான்ஸ் ஹெட்டும் ஆபரேஷன்ஸ் ஹெட்டும் வந்து உட்கார்ந்தால், பத்தாவது நிமிடம் அவர்கள் கை போனுக்குப் போய்விடுகிறது. ஸ்லைடுகளை நாற்பதிலிருந்து பதினைந்தாகக் குறைத்துவிட்டேன். "இது இன்சூரன்ஸ் மாதிரி" என்று உதாரணமும் சொல்லிப் பார்த்தேன். இன்னும் எவ்வளவுதான் எளிமையாக்குவது?*

*கே.*

அன்புள்ள கே.,

இதற்கு மேல் எளிமையாக்க வேண்டாம். அவர்களுக்குப் புரியாததால் கை போனுக்குப் போகவில்லை. தேய்மானமும் வரியும் கணக்குப் பார்க்கும் ஒருவருக்கு உங்கள் ஸ்னாப்ஷாட் பெரிய விஷயமே இல்லை. உங்கள் பதினைந்து ஸ்லைடில் முதல் எட்டு, பொருளைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஏஜென்ட் எங்கே உட்காரும், டேட்டா எந்த வழியாகப் போகும், எங்கே சேரும். அதுவரை அவருடைய கம்பெனி பேச்சில் வரவே இல்லை. அவர் ஏன் கேட்க வேண்டும்?

இன்சூரன்ஸ் உதாரணத்தை முதலில் கைவிடுங்கள். ஐ.டி. ஆட்களிடம் அது தீங்கில்லாத உதாரணம். ஃபைனான்ஸ் ஹெட்டிடம் சொன்னால், அவருக்குப் பழக்கமான கணக்கைத் தொடங்கிவிடுவார்: விபத்து நடக்க வாய்ப்பு எவ்வளவு, நடந்தால் நஷ்டம் எவ்வளவு, பிரீமியம் எவ்வளவு? முதல் கேள்விக்கு உங்களிடம் எண் கிடையாது. யாரிடமும் கிடையாது. அதோடு இன்சூரன்ஸ் போன பொருளுக்குப் பணம் தரும், பேக்கப் போன பொருளையே திருப்பித் தரும். உதாரணமே தப்பு.

உதாரணத்துக்குப் பதில் அவருடைய ஒரு நாளைப் போர்டில் வரையுங்கள். அதற்குக் கூட்டத்துக்கு முன்பே அவர்களுடைய ஐ.டி. ஆளிடம் இருபது நிமிடம் போனில் பேசி மூன்று விவரம் வாங்கிக்கொள்ள வேண்டும். பேக்கப் எத்தனை மணிக்கு ஓடுகிறது, மொத்த டேட்டா எவ்வளவு, கடைசியாக எப்போது முழுசாக ரீஸ்டோர் செய்து பார்த்தார்கள். மூன்றாவதுக்குப் பெரும்பாலும் ஒரு மௌனம்தான் பதிலாக வரும். அதைக் கூட்டத்தில் போட்டு உடைக்காதீர்கள், அந்த ஐ.டி. ஆள் நாளைக்கு உங்களுக்கு வேண்டும். நான்காவது விவரம் ஆபரேஷன்ஸ் பக்கத்திலிருந்து: ஒரு மணி நேரத்தில் எத்தனை ஆர்டர் பதிவாகிறது.

பதில்கள் இப்படி வந்தன என்று வையுங்கள். பேக்கப் இரவு 1 மணி, டேட்டா 6 டெராபைட், வேலை காலை 9 மணிக்குத் தொடக்கம், மணிக்கு 40 ஆர்டர். இனி ஸ்லைடே வேண்டாம். போர்டில் இடமிருந்து வலமாக ஒரு கோடு போடுங்கள். இடது ஓரத்தில் "இரவு 1", நடுவில் "மாலை 4, சர்வர் நின்றது". இரண்டே கேள்விதான். எந்த நேரத்து நிலைக்குப் பின்னால் போவோம்? மறுபடி எப்போது வேலை ஓடும்?

முதல் கேள்விக்கு விடை கோட்டின் இடது பக்கம் இருக்கிறது. இரவு 1 மணி நிலைக்குத்தான் போக முடியும். இங்கே "பதினைந்து மணி நேர டேட்டா போய்விடும்" என்று சொல்லிவிடாதீர்கள். விடிகாலை நாலு மணிக்கு இங்கே யார் ஆர்டர் போடுகிறார்கள் என்று ஃபைனான்ஸ் ஹெட் அப்போதே கேட்பார், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எந்த எண்ணையும் பாதியாக்கித்தான் எடுத்துக்கொள்வார். 9 முதல் 4 வரை ஏழு மணி நேரம், 280 ஆர்டர் என்று எழுதுங்கள். அதைப் பணமாக மாற்றுவதை அவர்களிடமே விடுங்கள். 280 ஆர்டரை மறுபடி பதிவு செய்ய முடியுமா, காகிதத்தில் இருக்கிறதா, வாடிக்கையாளரிடமே திரும்பக் கேட்க வேண்டுமா என்று ஆபரேஷன்ஸ் ஹெட் பேச ஆரம்பித்தால் நீங்கள் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது.

வலது பக்கத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். திரும்ப எடுக்கும் நேரம் என்றால் காப்பியாகும் நேரம் மட்டும் இல்லை. என்ன ஆயிற்று என்று கண்டுபிடித்து முடிவெடுக்க ஒரு மணி நேரம் என்று வையுங்கள். அதன் பிறகு 6 டெராபைட் திரும்பி வர வேண்டும். 1 கிகாபிட் லைனில் ஏட்டளவில் வினாடிக்கு 125 மெகாபைட், நடைமுறையில் 100 வந்தால் சந்தோஷம். அப்படியே வைத்தாலும் 60,000 வினாடி, ஏறக்குறைய 17 மணி நேரம். வந்ததைத் திறந்து, டேட்டாபேஸ் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, ஆட்களை உள்ளே விட இரண்டு மணி நேரம். மொத்தம் 20. மாலை 4 மணிக்கு நின்றது மறுநாள் நண்பகல் 12 மணிக்குத்தான் எழுந்திருக்கும். இந்த 12-ஐக் கோட்டின் வலது ஓரத்தில் பெரிதாக எழுதுங்கள். "பேக்கப் இருக்கிறதே, உடனே வந்துவிடும்" என்றுதான் அந்த அறையில் பாதிப் பேர் அதுவரை நினைத்திருப்பார்கள்.

இப்போதுதான் உங்கள் மென்பொருள் உள்ளே வர வேண்டும். அதே கோட்டின் கீழே இன்னொரு கோடு. 15 நிமிடத்துக்கு ஒரு முறை காப்பி எடுத்தால், இழப்பு அதிகபட்சம் பத்து ஆர்டர் அளவில் நிற்கும். வலது பக்கத்தில், டேட்டா முழுதும் திரும்பி வரும்வரை காத்திருக்காமல் பேக்கப் ஸ்டோரேஜிலிருந்தே சர்வரை ஓட விடலாம். 17 மணி நேரம் கால் மணி நேரமாகிறது, மாலை 7:15-க்கு வேலை ஓடும். கண்டுபிடிக்க ஒரு மணி நேரம், சரிபார்க்க இரண்டு மணி நேரம், ஆக மூன்று மணி நேரம் அப்படியேதான் இருக்கிறது. அதை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இந்த மூன்று மணி நேரத்தை எங்கள் மென்பொருள் குறைக்காது." பேக்கப் ஸ்டோரேஜிலிருந்து ஓடும்போது வேகம் குறையும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆர்டர் பதிவு செய்யலாம், மாதக் கடைசி ரிப்போர்ட் எடுத்தால் ஊர்ந்துதான் நகரும். டேட்டா பின்னணியில் பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பழைய வேகம். இதை மறைத்து விற்றால் முதல் விபத்தன்று உங்கள் சப்போர்ட் டீம்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளும். அங்கிருந்து வந்தவருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த இடத்தில் அநேகமாக ஒரு கேள்வி வரும். "எங்களிடம்தான் இன்னொரு சர்வருக்கு நொடிக்கு நொடி காப்பி ஆகிறதே, இது எதற்கு?" ரெப்ளிகேஷனுக்கு வகுப்பு எடுக்க இறங்காதீர்கள். ஒரே வாக்கியம் போதும்: இங்கே யாராவது தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால், அந்த சர்வரும் அதை நொடியில் அழித்துவிடும். வைரஸ் பூட்டுப் போட்டால் அங்கேயும் பூட்டு விழும். மெஷின் கெட்டுப் போனால் அது காப்பாற்றும், தப்பு நடந்தால் காப்பாற்றாது.

டெமோவை இதற்குப் பிறகு வையுங்கள், எட்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். லாகின், டாஷ்போர்டு, மெனு என்று முன்வாசலிலிருந்து நுழையாதீர்கள். திரை திறக்கும்போதே ஒரு ஃபோல்டர் தெரிய வேண்டும், அதில் `test1.txt` இருக்கக் கூடாது; அவர்கள் பேசும் பெயரில், பர்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ் என்று ஃபைல்கள் இருக்க வேண்டும். ஒன்றை அழியுங்கள். காலியான ஃபோல்டரை அவர்கள் பார்க்க ஒரு மூச்சு நேரம் விடுங்கள். பிறகு நேரத்தைத் தேர்ந்தெடுத்து மீட்டு, அந்த இன்வாய்ஸைத் திறந்தே காட்டுங்கள். பெயர் திரும்பி வந்தது என்பதோடு நிறுத்தினால் ஃபைனான்ஸ் ஹெட்டுக்குப் போதாது, உள்ளே எண்கள் சரியாக இருக்கின்றனவா என்றுதான் அவர் பார்ப்பார். ஓடும் பச்சைப் பட்டையை யாரும் உட்கார்ந்து பார்க்க வைக்காதீர்கள். முழு சர்வரை மீட்டுக் காட்டுவதானால், கூட்டம் தொடங்கும்போதே ஆரம்பித்துவிட்டு முடிவில் வந்து காட்டலாம். டெமோ மெஷினில் இருப்பது 6 டெராபைட் அல்ல என்பதை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லுங்கள். ஐ.டி. ஆள் சொன்னால் அது குற்றச்சாட்டாகிவிடும்.

அந்த ஐ.டி. ஆளும் அதே அறையில்தான் இருப்பார். மாறிய பிளாக்குகளை மட்டும் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று அவர் கேட்டால் உங்களுக்கு உற்சாகம் வந்துவிடும், சப்போர்ட்டிலிருந்து வந்தவர்களின் வியாதி அது. நான்கு நிமிடம் நீங்கள் இருவரும் பேசினால் பணம் கொடுப்பவர் கைவிட்டுப் போய்விடுவார். மழுப்பினாலோ, கூட்டம் முடிந்ததும் ஐ.டி. ஆள் உங்கள் பொருளைக் கொன்றுவிடுவார். செய்கிறது, இன்ன இடத்தில் செய்யாது என்று ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்கப் போர்டின் மூலையில் அந்தக் கேள்வியை எழுதி, அவருக்குத் தனியாக அரை மணி நேரம் குறித்துவிடுங்கள்.

சொற்களில் ஒரு கண் வேண்டும். புரியாத சொல்லைக் கேட்டால் அவரே கேட்டுவிடுவார். அவருக்கு வேறு பொருளில் பழகிய சொல்தான் ஆபத்து. ரெக்கவரி என்றால் அவருக்கு வராக்கடன் வசூல். ரிடென்ஷன் என்றால் ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல் பிடித்து வைக்கும் பணம். தலையாட்டிக்கொண்டே வேறொன்றைப் புரிந்துகொள்வார். "திரும்ப எடுப்பது", "எத்தனை நாள் பழையதை வைத்திருப்பது" என்றே பேசுங்கள். ஆர்.பி.ஓ., ஆர்.டி.ஓ. என்ற பெயர்களைக் கடைசியில் எழுதினால் போதும்: முதலாவது கோட்டின் இடது பக்கத்துக்கு மேலே, இரண்டாவது வலது பக்கத்துக்கு மேலே. புரிந்த பொருளுக்குப் பெயர் வைப்பதில் சிரமமே இல்லை.

கவனம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள போனைப் பார்க்காதீர்கள். சும்மா தலையாட்டுவது அதைவிட மோசம். அவர்கள் உங்கள் எண்ணைத் திருத்துகிறார்களா என்று பாருங்கள். "மணிக்கு 40 எல்லாம் சாதாரண நாளில், மாதக் கடைசியில் 100 போகும்" என்று ஆபரேஷன்ஸ் ஹெட் சொன்னால், 40-ஐ அழித்து 100 எழுதி அவர் முன்னாலேயே மறுபடி கணக்குப் போடுங்கள். 15 நிமிடத்துக்கு 25 ஆர்டர். அது தாங்குமா என்று கேளுங்கள். தாங்காது என்றால் 5 நிமிட இடைவெளி, ஏறக்குறைய எட்டு ஆர்டர்; அதற்கு நெட்வொர்க்கும் ஸ்டோரேஜும் எவ்வளவு கூடுதலாக வேண்டும் என்று ஐ.டி. ஆளைப் பார்த்துக் கேளுங்கள். கிளம்பும் முன் போர்டைப் போட்டோ எடுத்து, ப்ரபோசலின் முதல் பக்கத்தில் அதையே வையுங்கள். அடுத்த வாரம் நீங்கள் இல்லாத ஓர் அறையில் ஃபைனான்ஸ் ஹெட் இதை இன்னொருவருக்கு விளக்க வேண்டியிருக்கும்.