இன்கிரிமென்ட் வந்தால் கைக்கு வருவது குறையுமா? வரிக் கேள்வி-பதில்

(கணக்கெல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு. பழைய முறை என்று குறிப்பிடாத இடங்களில் புதிய வரிமுறை.)

என் சம்பளம் 16.75 லட்சம். ஒரு லட்சம் உயர்வு தருகிறார்கள். வாங்கினால் 20% ஸ்லாபுக்குப் போய்விடுவேன், வேண்டாம் என்று சொல்லிவிடு என்கிறார் அலுவலக நண்பர். என்ன செய்ய? (கோவை வாசகர்)

வாங்குங்கள். அப்புறம் அந்த நண்பரிடம் வரி யோசனை கேட்பதை நிறுத்துங்கள். மாதம் தவறாமல் இந்தக் கடிதம் வருகிறது, ஊர்தான் மாறுகிறது.

நிலைக்கழிவு 75,000 போக உங்கள் வரிக்குரிய வருமானம் 16 லட்சம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த நாலுக்கு 5%, அதற்கடுத்த நாலுக்கு 10%, கடைசி நாலுக்கு 15%. அதாவது 20,000 + 40,000 + 60,000, மொத்தம் 1.2 லட்சம். 4% செஸ் சேர்த்தால் 1,24,800. உங்கள் மொத்தச் சம்பளத்தில் இது ஏறக்குறைய 7.5%. இதுதான் சராசரி விகிதம்.

இப்போது ஒரு லட்சம் கூடுகிறது. 20% விழுவது அந்த ஒரு லட்சத்தின் மேல் மட்டும். செஸ்ஸோடு 20,800 போகும், 79,200 கைக்கு வரும். கடைசியாகச் சேரும் ரூபாய்க்கு விழும் இந்த 20.8 சதவீதம்தான் விளிம்பு விகிதம். கீழே இருக்கும் 16 லட்சத்துக்கு ஏற்கெனவே போட்ட வரியில் ஒரு பைசா மாறாது. உங்கள் நண்பர் 17 லட்சத்தையும் 20 சதவீதத்தால் பெருக்கி 3.4 லட்சம் வரி என்று பயமுறுத்தியிருப்பார். உண்மையான வரி 1,45,600. சராசரி இப்போதும் 8.2% தான்.

இப்படி யாரோ சொன்னதைக் கேட்டுப் பதவி உயர்வையே தள்ளிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்லாப் அட்டவணையை இரண்டு நிமிடம் கையால் போட்டுப் பார்த்திருந்தால் போதும்.

12.75 லட்சம் வரை வரி இல்லையாமே. எனக்கு 12.85 லட்சம் ஆகப்போகிறது. அப்போதும் நீங்கள் சொல்வது பொருந்துமா?

நல்ல கேள்வி. ஸ்லாபைத் தாண்டினால் நஷ்டமில்லை. தள்ளுபடி வரம்பைத் தாண்டும் இடம் வேறு கதை. வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி வரியைப் பூஜ்யமாக்குகிறது. உங்களுடையது 12.10 லட்சம். ஸ்லாப்படி 61,500 வரி. ஆனால் வரம்பைத் தாண்டிய 10,000க்கு மேல் வரி போகக்கூடாது என்று மார்ஜினல் ரிலீஃப் தடுக்கிறது. ஆக வரி 10,000, அதன்மேல் செஸ் 400. உயர்வு முழுவதும் போய், கைப்பணம் 400 ரூபாய் குறையும். உயர்வால் நிஜமாகவே குறையும் குறுகலான பட்டை இது. சம்பளம் சுமார் 13.5 லட்சத்தைத் தாண்டினால் பழையபடி லாபம்தான். 400 ரூபாய்க்காக உயர்வை மறுக்காதீர்கள். அடுத்த ஆண்டு உயர்வு இதன் மேல்தான் கணக்கிடப்படும்.

பழைய முறையில் இருக்கிறேன். வரிக்குரிய வருமானம் 5,01,000. வரி 13,208 என்கிறது கணக்கு. தவறா?

கணக்கு சரி. பழைய முறையில் 5 லட்சத்தைத் தாண்டினால் தள்ளுபடி மொத்தமாகப் போய்விடும், அங்கே மார்ஜினல் ரிலீஃப் கிடையாது. 80சி சேமிப்புக் கழிவில் இடமிருந்தால் ஆயிரம் ரூபாயை மார்ச் 31க்குள் போடுங்கள். அதைவிட, இந்த வருமானத்துக்குப் பழைய முறையில் ஏன் இருக்கிறீர்கள்? பழைய முறைக் கழிவுகள் இல்லாமலும் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால் புதியதில் வரி பூஜ்யம்.

இன்கிரிமென்ட் வந்தும் பிப்ரவரி சம்பளம் குறைந்துவிட்டது. ஏன்?

எந்த முறை, வாடகை ரசீது கொடுத்தீர்களா, ஒன்றும் எழுதவில்லை. முறையைச் சொல்லாமல் கேட்காதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது? பழைய முறை என்றால், ரசீது போகாததால் எச்ஆர்ஏ விலக்கை நிறுவனம் எடுத்துவிட்டு, ஆண்டு முழுவதற்குமான வரியைக் கடைசி மாதங்களில் பிடித்திருக்கலாம். அடிப்படைச் சம்பளம் ஏறியிருந்தால் பிஎஃப் பிடித்தமும் ஏறியிருக்கும். அது உங்கள் பணமே. ஒரு மாத ஸ்லிப்பை வைத்து முடிவு கட்டாதீர்கள், 12 மாதத்தையும் கூட்டிப் பாருங்கள்.

எஃப்டி வட்டிக்கு வங்கி 10% பிடித்துவிட்டது. வரி முடிந்ததுதானே?

இல்லை. அது முன்பணம் மட்டும். வட்டி உங்கள் சம்பளத்தின் மேல் போய் உட்கார்வதால் விளிம்பு விகிதத்தில்தான் வரி. 20% ஸ்லாபில் இருந்தால் 7% வட்டி உங்களுக்கு ஏறக்குறைய 5.5% தான். சராசரியை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு ஜூலையில் எனக்கு எழுதாதீர்கள்.