ஒரே திட்டம், ரெண்டு மாணவர்கள்: வைவாவில் எப்படி மார்க் போடுவது?

கேள்வி: ஐயா, இந்த வருடம்தான் முதன்முறையாக இறுதியாண்டுத் திட்டங்களுக்கு வைவா எடுக்கப் போகிறேன். ரெண்டு ரெண்டு பேராகச் செய்த திட்டங்கள். மதிப்பெண் தாளில் புரிதலுக்கு 12, பதில்களுக்கு 8, சொந்த உழைப்புக்கு 10 என்று மூன்று வரிதான் இருக்கிறது. மூன்றும் ஒன்றுதானே என்று தோன்றுகிறது. நன்றாகப் பேசுகிறவனுக்கு மூன்றிலும் அள்ளிப் போட்டுவிடுவேனோ என்று பயம்.
— இளம் விரிவுரையாளர், ரோஸ் ஹில்

பதில்: தம்பி, மூன்றும் ஒன்றில்லை. ஒரே ஆளிடம் ஒன்று உயர்ந்தும் இன்னொன்று தாழ்ந்தும் இருக்கும், அதனால்தான் மூன்று வரி வைத்திருக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் புறத்தேர்வாளராகப் போய் உட்கார்ந்த ஒரு வைவாவைச் சொல்கிறேன், அதிலேயே உங்களுக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது.

காய்கறித் தோட்டத்துக்குத் தானாகத் தண்ணீர் பாய்ச்சும் கருவி. மண்ணில் ஈரம் அளக்கும் சென்சார், வைஃபை உள்ள ஒரு ESP32 போர்டு, ரிலே என்ற மின்சுவிட்ச் வழியாக ஒரு சின்ன பம்ப், போனில் பார்க்க ஒரு பக்கம். ஒரு பையன், ஒரு பெண். பையன் இங்கிலீஷில் பொளந்து கட்டினான். அந்தப் பெண் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று நின்று பேசினாள், நடுநடுவே கிரியோல் வந்து விழுந்தது. முதல் ஐந்து நிமிடத்தில் மார்க் போட்டிருந்தால் பையனுக்கு 25, அவளுக்கு 15 என்று போட்டிருப்போம்.

அறிக்கையில் பம்பை இயக்கும் பகுதி இப்படி இருந்தது:

```
if (m < 30) pump = true;
else if (m > 45) pump = false;
```

ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் பம்ப் ஓடும், 45-ஐத் தாண்டினால் நிற்கும். எதற்கு ரெண்டு எண் என்று கேட்டோம். பையன் உடனே ஹிஸ்டெரிசிஸ் என்றான், தொடங்கும் எண்ணும் நிற்கும் எண்ணும் வேறு வேறாக இருப்பது என்று வரையறையையும் சொன்னான், சரியாகத்தான் சொன்னான். இதற்கே முழு மார்க் கொடுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறவர்கள் நிறையப் பேர், ஆனால் வரையறை தெரிவது வேறு, புரிதல் வேறு. புரிதலைப் பார்க்க வேண்டுமென்றால் அவர்கள் செய்ததில் ஒன்றை மாற்றிக் கேட்க வேண்டும். அந்த 45-ஐ 31 ஆக்கினால் என்ன நடக்கும் என்று கேட்டோம். அவன் மறுபடி அதே வரையறையைச் சொன்னான். அவள் ஒரு தாள் கேட்டு வாங்கி, ஈரம் ஏறி இறங்குவதைக் கோடாக வரைந்து, சென்சார் காட்டும் எண் ஒன்றிரண்டு முன்னே பின்னே ஆடிக்கொண்டே இருப்பதால் ரிலே டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், சீக்கிரம் தேய்ந்துவிடும் என்றாள். அப்புறம் நாங்கள் கேட்காமலே, தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி சென்சாரைத் தொட நேரம் ஆகிறது, அதனால் பம்ப் நின்ற பிறகும் ஈரம் கொஞ்சம் ஏறும் என்றும் சேர்த்தாள். அவள் பேசி முடிக்க அவனைவிட மூன்று மடங்கு நேரம் ஆனது, ஆனாலும் புரிதலில் அவளுக்கு 10, அவனுக்கு 6.

சொந்த உழைப்பைக் கண்டுபிடிக்க வேறு மாதிரிக் கேள்வி வேண்டும். எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் அறிக்கையைப் படித்த யாரும் பதில் சொல்லலாம். செய்தவருக்கு மட்டும் தெரிவது, எது சரியாக வரவில்லை, எதைச் செய்து பார்த்துக் கைவிட்டார்கள் என்பது. சென்சாரை ஏன் 34-ஆம் பின்னில் கொடுத்தீர்கள் என்று கேட்டோம். படத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றான் பையன். அவள் சிரித்துவிட்டாள். முதலில் 25-இல்தான் கொடுத்திருந்தாளாம், சென்சாரைத் தனியாகச் சோதித்தபோது எண் ஒழுங்காக வந்தது, வைஃபையைச் சேர்த்ததும் வரவே இல்லை, சென்சார்தான் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கி மாட்டியும் அதே கதை. அந்த போர்டில் அளவெடுக்கும் பகுதி ரெண்டு இருக்கிறது, ADC1, ADC2 என்று. வைஃபை ஓடும்போது ADC2-இல் உள்ள பின்களை நம்பி அளவெடுக்க முடியாது, 25 அதில் சேர்ந்தது, 34 ADC1-இல். இது அறிக்கையில் ஒரு வரி கூட இல்லை. இணையத்தில் யாரோ எழுதிய லைப்ரரியைத்தான் வைஃபைக்குப் பயன்படுத்தினோம் என்பதையும் அவளே சொன்னாள். அதற்காக மார்க் குறைக்கக் கூடாது. எது தன்னுடையது, எது எடுத்தாண்டது என்று பிரித்துச் சொல்லத் தெரிவதும் இந்த வரியில்தான் சேரும்.

அதற்காகப் பையனை ஏமாற்றுக்காரன் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். உங்கள் பங்கு எது என்று கேட்டபோது போன் பக்கம் என்றான். அதைத் தோண்டினோம். முதலில் ஒவ்வொரு விநாடியும் புதுப்பிக்க வைத்ததாகவும், அப்போது வரைபடம் நடுங்கிக்கொண்டே இருந்ததாகவும், அதனால் சில அளவுகளின் சராசரியை எடுத்து 30 விநாடிக்கு ஒருமுறை காட்ட மாற்றியதாகவும் தயங்காமல் சொன்னான். அது அவன் கைபட்ட வேலைதான். சொந்த உழைப்பில் அவனுக்கு 6, அவளுக்கு 9. சேர்ந்து செய்த திட்டத்தில் ஒவ்வொருவரையும் அவரவர் பங்கிலும் கேட்க வேண்டும், மற்றவர் பங்கிலும் கேட்க வேண்டும். ஒருவர் பதில் சொல்லும்போது மற்றவர் உள்ளே புகுந்தால் கொஞ்சம் பொறுங்கள் என்று தடுத்துவிடுங்கள், சங்கடப்படாதீர்கள்.

மிச்சமிருப்பது பதில்கள். கேட்டதற்குத்தான் பதில் வருகிறதா, எவ்வளவு உதவியோடு வருகிறது, இவ்வளவுதான் பார்க்க வேண்டும். தானாக வந்தால் முழுசு. கேள்வியை வேறு வார்த்தையில் திருப்பிக் கேட்டபின் வந்தாலும் முழுசுதான், ஒருவேளை நாம் கேட்டவிதம் கோணலாக இருந்திருக்கலாம். குறிப்புக் கொடுத்தபின் வந்தால் பாதி. கிரியோலில் மோ பா கோனே, தெரியாது, என்று சொல்லி நிறுத்தினால் ஒன்றுமில்லை, தெரியாது ஆனால் இப்படிச் சோதித்துப் பார்ப்பேன் என்றால் அதற்குக் கொஞ்சம் உண்டு. மொழித் தடுமாற்றத்துக்குக் குறைக்கத்தான் வேண்டும் என்று உங்கள் துறை சொன்னால் இந்த 8-க்குள் குறையுங்கள், புரிதலைத் தொடாதீர்கள். பையன் 6, அவள் 5. கூட்டிப் பார்த்தால் அவன் 18, அவள் 24. நான் முதலில் சொன்ன 25-க்கும் 15-க்கும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒருவேளை ரெண்டு பேருக்குமே எதுவும் சொல்லத் தெரியவில்லை, யாரிடமோ காசு கொடுத்து வாங்கியது போலிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோபத்தில் பூஜ்யம் போடாதீர்கள். கேட்டதையும் சொன்னதையும் அவர்கள் வார்த்தையிலேயே எழுதி, பார்த்ததற்கு மட்டும் மார்க் போட்டுவிட்டு, சந்தேகத்தைத் தேர்வுக் குழுவிடம் தனியாகக் கொடுங்கள். விசாரிப்பது அவர்கள் வேலை.

வழிகாட்டி ஆசிரியரும் குழுவில் உட்கார்ந்தால் அவர் வருடம் முழுக்கப் பார்த்த நல்ல பெயரும் கெட்ட பெயரும் அவரோடு உள்ளே வரும். அதனால் மாணவர்கள் வெளியே போனதும் யாரும் பேசுவதற்கு முன் ஒவ்வொருவரும் தன் மார்க்கையும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணத்தையும் எழுதிவிடுங்கள், பேச்சு அப்புறம். எழுதிய தாளை மேல்முறையீட்டுக் கெடு முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.