மாங்காய் மூக்கில் கோடு ஏன் உடைகிறது?

சேலையில் மாங்காய் புட்டா போடுகிறேன். வயிறு அழகாக வருகிறது, சுருண்ட மூக்கு மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ஸ்டெம் ஸ்டிட்ச்தான், 2 இழை. (அம்மாபேட்டை வாசகி)

வயிற்றில் போட்ட அதே 3 மில்லிமீட்டர் தையலை மூக்கிலும் போட்டிருப்பீர்கள். ஒவ்வொரு தையலும் நேர்கோடுதான். வளைவில் அது உள்பக்கமாகக் குறுக்கே பாயும். மூக்கின் வளைவு 8 மில்லிமீட்டர் அகலம் என்றால், 3 மில்லிமீட்டர் தையல் பென்சில் கோட்டை விட்டு நடுவில் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் விலகும். அது கண்ணுக்குத் தெரியும். தையலைப் பாதியாக்கினால் விலகல் பாதியாக அல்ல, கால் பங்காகக் குறையும். ஆனால் திடீரென்று குறைக்காதீர்கள். வளைவுக்கு மூன்று தையல் முன்பிருந்தே படிப்படியாகக் குறையுங்கள். இல்லையென்றால் கயிறு போன்ற முறுக்கு அந்த இடத்தில் மாறித் தெரியும்.

இன்னொன்று, நூலை எந்தப் பக்கம் ஒதுக்குகிறீர்கள் என்று பாருங்கள். அது வளைவின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். அப்போது ஊசி முந்தின தையலின் உள்பக்கமாக மேலே வந்து, அதை வெளியே தள்ளிக் கோட்டோடு சேர்த்து வைக்கும். நூல் உள்ளே இருந்தால் தையலும் உள்ளேதான் சாயும்.

மூக்கு நுனியில் கோடு கூர்மையாகத் திரும்பினால் வளைக்கப் பார்க்காதீர்கள். நுனியிலேயே ஊசியைக் கீழே இறக்கி, பின்பக்கத் தையலுக்குள் நுழைத்து நூலைப் பிடிக்க வைத்து, புதிதாகத் தொடங்குங்கள்.

ஒரே கொடி, இடமும் வலமுமாக வளைகிறது. பாதியில் நூலை மாற்றிப் பிடிக்கலாமா? (ஏற்காடு)

கூடாது. பக்கம் மாறினால் முறுக்கின் சாய்வும் மாறிவிடும். ஒரு கொடி இரண்டு கொடியாகத் தெரியும். ஒரே பக்கம் வைத்து, நூல் உள்ளே விழும் வளைவில் மட்டும் தையலை இன்னும் சின்னதாக்குங்கள். இரண்டு பக்கமும் இறுக்கமான வளைவு என்றால், அந்தக் கொடி முழுவதையும் ஸ்ப்ளிட் ஸ்டிட்சில் போடுவதுதான் என் வழக்கம். அதில் நூலைப் பக்கம் ஒதுக்கும் வேலையே இல்லை. கோடும் கொஞ்சம் மெலிசு.

ஸ்ப்ளிட் ஸ்டிட்ச் போட்டால் நூல் பஞ்சு பஞ்சாகிறது. (சேலம்)

அடியிலிருந்து குத்தும்போது ஊசி முந்தின தையல் நூலின் நடுவில் வருகிறதா என்று தெரியாது. தடவித் தடவிக் குத்தி இழையைக் கிழித்துவிடுகிறோம். திருப்பிப் போடுங்கள்: ஒரு தையல் தூரம் முன்னே மேலே வந்து, பின்னால் திரும்பி, முந்தின தையலின் முனைக்குச் சற்று உள்ளே, மேலிருந்து பிளந்து இறங்குங்கள். பார்த்துக் குத்துவதால் தவறாது. 2 இழை என்றால் ஆளுக்கொரு பக்கம் பிரியும். 3 இழையில் ஒருபக்கம் கனத்துக் கோடு நெளியும். ஊசி கூர் முனையாக இருக்கட்டும். தைக்கத் தைக்க நூல் முறுக்கேறும், அப்புறம் பிளக்காது. அவ்வப்போது ஊசியைத் தொங்கவிட்டால் தானே அவிழ்ந்துவிடும்.