குடும்ப ஆல்பத்தில் தனிப்பட்ட படங்கள்: எந்த வழியை முதலில் அடைப்பது?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். என் மகளுக்கு நான்கு வயது. அவளுடைய முதுகில் தடிப்பு வந்தபோது, தோல் வைத்தியரிடம் காட்டுவதற்காக, சட்டை இல்லாமல் சில படங்கள் எடுத்தேன். அன்றிரவே ரொறொன்ரோவிலிருந்து மச்சாள் அழைத்து, "பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். கூகுள் போட்டோஸில் நாங்கள் வைத்திருக்கும் குடும்ப ஆல்பத்தில் அந்தப் படங்கள் இருந்தன. நான் யாருக்கும் அனுப்பவில்லை. என்னுடையது அன்ட்ராய்ட் போன். படங்கள் தானாக மேலே போவதை எப்படி நிறுத்துவது? ஆல்பத்தில் இருக்கும் பழைய படங்கள் அழிந்துவிடக் கூடாது.

பதில்: உங்கள் போனில் தனித்தனியான இரண்டு வேலைகள் அடுத்தடுத்து நடந்திருக்கின்றன. முதலாவது பேக்கப்: போனில் எடுத்த படத்தின் பிரதி உங்கள் கூகுள் கணக்கில் ஏறுகிறது. அந்த நிலையில் அதை நீங்கள் மட்டுமே பார்க்க முடியும். இரண்டாவது பகிர்வு: கணக்கில் ஏறிய படம் குடும்ப ஆல்பத்துக்குள் போகிறது. மச்சாள் பார்த்தது இந்த இரண்டாவது வேலையின் விளைவை. பேக்கப்பை மட்டும் நிறுத்தினால் புதிய படங்கள் போகாது என்பது உண்மைதான், ஆனால் பகிர்வு விதி அப்படியே இருக்கும். ஒரு மாதம் கழித்து யாராவது பேக்கப்பைத் திரும்பவும் இயக்கினால், இடையில் எடுத்தவை எல்லாம் சேர்ந்து ஆல்பத்துக்குப் போகும். அதனால் முதலில் பகிர்வையும், அதன் பிறகு பேக்கப்பையும் நிறுத்துங்கள்.

நீங்கள் அனுப்பாத படம் ஆல்பத்துக்கு எப்படிப் போனது? பெரும்பாலும் அந்த ஆல்பத்தை உருவாக்கிய நாளில், மகளின் முகத்தைத் தேர்ந்தெடுத்து, அவளுடைய படங்கள் தானாகச் சேரட்டும் என்று யாரோ அனுமதி கொடுத்திருப்பார்கள். பேரப்பிள்ளையை வெளிநாட்டிலுள்ளவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக இதைப் பல குடும்பங்கள் செய்கின்றன. அதற்குப் பிறகு அந்த முகம் தெரியும் எந்தப் படம் கணக்கில் ஏறினாலும், கூகுள் அதை ஆல்பத்தில் சேர்த்துவிடும். பிறந்தநாள் படமா, வைத்தியருக்கான படமா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. முதுகைக் காட்டும் படத்தில் பிள்ளை திரும்பிப் பார்த்திருந்தால் அதுவே போதும். பகலில் எடுத்த படம் இரவில் ஆல்பத்துக்கு வந்ததற்கும் காரணம் உண்டு. மொபைல் டேட்டாவைப் பயன்படுத்த அனுமதி இல்லாத போன்களில், பேக்கப் வைஃபைக்காகக் காத்திருக்கும். நீங்கள் வீட்டுக்கு வந்து போன் வைஃபையில் இணைந்ததும், காத்திருந்த படங்கள் மேலே போயிருக்கும்.

இது வெறும் ஊகமாக இருந்துவிடாமல் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். குடும்ப ஆல்பத்தில் அந்தப் படத்தைத் திறந்து, அதைச் சேர்த்தவராக யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயர் இருந்தால், மேலே சொன்ன விதி உங்கள் கணக்கில்தான் இருக்கிறது. கணவரின் பெயர் இருந்தால் வழி வேறு: நீங்கள் இருவரும் Partner sharing என்ற வசதியை எப்போதோ இயக்கியிருப்பீர்கள், உங்கள் படங்கள் அவருடைய கணக்கில் தானாகச் சேமிக்கப்பட்டு, அங்கிருந்து ஆல்பத்துக்குப் போயிருக்கலாம். செயலியின் மேல் மூலையிலுள்ள உங்கள் படத்தைத் தொட்டு, Photos settings என்பதற்குள் Sharing பகுதியைத் திறந்தால் Partner sharing இயங்குகிறதா என்பது தெரியும். அதை அடியோடு நிறுத்த விரும்பாவிட்டால், அவர் தன்னுடைய போனில் தானாகச் சேமிக்கும் தெரிவை மட்டும் நிறுத்தினாலும் உங்கள் படங்கள் அவர் கணக்கில் சேமிக்கப்படுவது நிற்கும். ஆனால் அவர் அவற்றைப் பார்க்க முடியும் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

உங்கள் பெயரே இருந்தது என்று வைத்துக்கொண்டு தொடர்கிறேன். ஆல்பத்தைத் திறந்து, மேலேயுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, Options என்பதற்குள் போங்கள். அங்கே Automatically add photos என்ற பகுதியில் மகளின் முகம் இருக்கும். அதை நீக்கிவிடுங்கள். கணவரின் கணக்கிலும் இதே விதி இருக்கலாம் என்பதால், அவருடைய போனிலும் அதே இடத்தைப் பாருங்கள். ஆல்பத்தில் ஏற்கெனவே உள்ள படங்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. அதே காரணத்தால் வைத்தியருக்காக எடுத்த படங்களும் அங்கேயே இருக்கும்.

அவற்றை எடுக்கும்போதுதான் மிகுந்த கவனம் தேவை. ஆல்பத்துக்குள் நின்று, படத்தைத் தெரிவுசெய்து, மூன்று புள்ளிகளுக்குள் இருக்கும் Remove from album என்பதை மட்டும் தொடுங்கள். குப்பைத்தொட்டி அடையாளத்தைத் தொடாதீர்கள். பேக்கப் ஆன ஒரு படத்தைக் கூகுள் போட்டோஸில் அழித்தால், கணக்கிலுள்ள பிரதியும் போனிலுள்ள பிரதியும் சேர்ந்தே போய்விடும். குப்பைத்தொட்டியில் அவை 60 நாட்கள் இருக்கும், அதற்குள் மீட்கலாம், பிறகு முடியாது. "மேலே உள்ளதைத்தானே அழித்தேன், போனில் இருந்தது எங்கே?" என்று கலங்கி வருபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறியிருப்பார்கள். கணக்கிலிருந்தும் அந்தப் படங்களை நீக்க நினைத்தால், முதலில் போனைக் கேபிள் மூலம் கணினியில் இணைத்துப் பிரதி எடுத்துக்கொண்டு, பிறகு அழியுங்கள்.

ஆல்பத்திலிருந்து நீக்கியதும், மச்சாளோ மாமியோ அதற்கு முன்பே தங்கள் கணக்கில் சேமித்துக்கொண்ட பிரதிகள் மறைந்துவிடுவதில்லை. அவற்றைத் தொடும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. மச்சாளை அழைத்து, சேமித்திருந்தால் அழித்து, அவருடைய குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்கும்படி நேரடியாகக் கேட்பதே ஒரே வழி.

இனி பேக்கப். உங்கள் படத்தைத் தொட்டு, Photos settings, அதற்குள் Backup என்று போனால் மேலே ஒரு விசை இருக்கும். அதை நிறுத்துங்கள். ஏற்கெனவே ஏறியவை அங்கேயே இருக்கும், புதியவை மட்டும் போகாது. பழைய படங்கள் அழியக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள், இந்த விசையால் அழியாது. ஆனால் அதே பக்கத்தில் Undo backup for this device என்றொரு தெரிவு தென்பட்டால், அதைத் தொட வேண்டாம். அது போனிலுள்ள படங்களை விட்டுவைத்தாலும், அந்தப் போனிலிருந்து கணக்கில் ஏறியவற்றை அழித்துவிடும். உங்கள் போனிலிருந்து குடும்ப ஆல்பத்துக்குப் போன பிறந்தநாள் படங்களும் அவற்றோடு மறைந்துவிடும். கூகுள் போட்டோஸ் செயலியையே போனிலிருந்து நீக்கிவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது போதாது, ஏனெனில் செயலி போனாலும் பேக்கப் அமைப்பு இயங்கும் நிலையிலேயே இருக்கும். விசையை நிறுத்துவதுதான் சரியான முறை.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் சொந்தக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்: உங்கள் நிலையில் நான் பேக்கப்பை நிரந்தரமாக நிறுத்தமாட்டேன். காலி வீதியில் நெரிசலான பஸ்ஸில் போன் தொலைந்தால், பேக்கப் இல்லாத படங்களும் அதோடு தொலைந்துபோகும், நான்கு வயதுப் பிள்ளையின் படங்களைத் திரும்ப எடுக்கவும் முடியாது. படம் வெளியே போனது பகிர்வு விதியால்தான் என்பதால், அந்த விதியை நீக்கிய பின், பேக்கப் ஆகும் படங்கள் உங்கள் கணக்குக்குள் மட்டுமே நிற்கும். குடும்பத்துக்குக் காட்ட வேண்டியவற்றை நீங்களே தெரிவுசெய்து ஆல்பத்தில் சேர்க்கலாம். இது சற்று வேலைதான், ஆனால் எது போகிறது என்பதை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள்.

பேக்கப் இயங்கும்போது கமரா கோப்புறையை மட்டும் அதிலிருந்து விலக்கிவைக்க முடியாது. வாட்ஸ்அப் போன்ற மற்றக் கோப்புறைகளை Back up device folders என்ற இடத்தில் தனித்தனியாக நிறுத்தலாம். வைத்திய அறிக்கைகளை வாட்ஸ்அப்பில் பெறுபவராக இருந்தால் அதைக் கட்டாயம் பாருங்கள். கமராவில் எடுக்கும் தனிப்பட்ட படங்களுக்கு Locked Folder என்ற பூட்டிய கோப்புறை இருக்கிறது. அதற்குள் நகர்த்திய படம் பொதுப் பட்டியலிலோ, தேடலிலோ, ஆல்பங்களிலோ தெரியாது, திறப்பதற்குப் போனின் பூட்டு வேண்டும். முதன்முறை அதை அமைக்கும்போது அதற்கும் பேக்கப் வேண்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொன்னால் படம் போனில் மட்டுமே இருக்கும், போன் பழுதானாலோ செயலியை நீக்கினாலோ அதுவும் இல்லாமல் போகும். வைத்தியருக்கான படங்கள் சில வாரங்களுக்குத்தான் தேவை என்பதால் அந்த இழப்பு உங்களுக்குப் பெரிதாக இராது.

ஆனால் வீட்டில் வைஃபை இருந்தால், எடுத்த படத்தை நகர்த்துவதற்கு முன்பே அது மேலே ஏறிவிடலாம். அதனால் அடுத்த முறை வைத்தியருக்காகப் படம் எடுப்பதற்கு முன் பேக்கப் விசையை நிறுத்தி, படங்களை எடுத்து, பூட்டிய கோப்புறைக்குள் நகர்த்தி, அதன் பின் விசையைத் திரும்ப இயக்குங்கள்.

கணவரின் போன் ஐபோனாக இருந்தால், அங்கே Shared Library என்ற குடும்பப் பகிர்வு வேறாக இருக்கும். போட்டோஸ் அமைப்புகளில் Shared Library என்பதற்குள் Sharing from Camera என்பதைத் திறந்து Share Manually என்று மாற்றினால், அவர் எடுப்பவை தானாகப் பகிரப்படுவது நிற்கும்.

எல்லாம் முடிந்ததும் சோதித்துப் பாருங்கள். பேக்கப்பை நிறுத்திய நிலையில், மகளின் முகம் நன்றாகத் தெரியும் ஒரு சாதாரணப் படத்தை எடுத்து, வைஃபையில் ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் வேறொரு கணினியில் உங்கள் கணக்கில் நுழைந்து photos.google.com என்ற முகவரியைத் திறவுங்கள். படம் அங்கே இல்லாவிட்டால் விசை வேலை செய்கிறது. அடுத்ததாகப் பேக்கப்பை இயக்கி, படம் கணக்கில் ஏறியதும் குடும்ப ஆல்பத்தைப் பாருங்கள்; கணக்கில் இருந்து ஆல்பத்தில் இல்லாவிட்டால், பகிர்வு விதியும் ஒழிந்தது. பேக்கப்பை நிறுத்திய பிறகும் புதிய படங்கள் கணக்கில் தென்பட்டால், அதே கணக்கு திறந்திருக்கும் பழைய போனோ, பிள்ளை விளையாடும் டேப்லெட்டோ வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். பேக்கப் விசை ஒவ்வொரு கருவிக்கும் தனியானது என்பதால், அங்கேயும் அதை நிறுத்த வேண்டும்.