முகடு 8 என்று வருகிறது, எங்கே தவறு?

"20 வீடுகளில் எத்தனை பேர் என்று கேட்டேன்: 4, 3, 5, 4, 2, 4, 6, 3, 4, 5, 3, 4, 5, 4, 3, 2, 5, 4, 3, 4. முகடு 8 என்று வருகிறது. ஆனால் எந்த வீட்டிலும் 8 பேர் இல்லையே?"

முகடு என்பது மிக அதிக முறை வரும் மதிப்பு. உங்கள் எண்ணிக்கை சரிதான், நீங்கள் வாசித்த நிரல்தான் தவறு. உங்கள் பட்டியல் இப்படி இருக்க வேண்டும்:

| வீட்டில் உள்ளவர்கள் | நிகழ்வெண் |
|---|---|
| 2 | 2 |
| 3 | 5 |
| 4 | 8 |
| 5 | 4 |
| 6 | 1 |

வலப்பக்கத்தில் பெரிய எண்ணைத் தேடுங்கள். விடையை அதே வரிசையின் இடப்பக்கத்தில் எடுங்கள். முகடு 4. அந்த 8 என்பது வீடுகளின் எண்ணிக்கை, ஆட்களுடையது அல்ல.

எண்ணும்போது முதலில் எல்லா 4-களையும், பிறகு 3-களையும் தேடிப் போகாதீர்கள், ஒன்றிரண்டு விட்டுப்போகும். விடைகளை வரிசையாக ஒரே முறை படித்து, ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு அதற்குரிய இடத்தில் ஒரு கோடு போடுங்கள். ஐந்தாவது கோட்டை முந்தைய நான்கின் குறுக்கே போட்டால் கூட்டுவது எளிது.

நிகழ்வெண்களின் கூடுதல் 20 வர வேண்டும். வராவிட்டால் ஏதோ விடுபட்டிருக்கிறது, அல்லது இருமுறை எண்ணப்பட்டிருக்கிறது. 20 வந்துவிட்டாலும் ஒரு 3-ஐ 4-இன் கட்டத்தில் போட்டிருந்தால் கூடுதல் அதைக் காட்டாது. அதற்கு மறுபடி எண்ணிப் பார்ப்பதுதான் வழி.

3-க்கும் 8 வந்திருந்தால் 3, 4 இரண்டுமே முகடுகள். சராசரி எடுத்து 3.5 என்று எழுதிவிடாதீர்கள்.