மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறை இரவில் ஏன் இவ்வளவு கொதிக்கிறது?

"மதுரையில் மேல்தளத்தில் குடியிருக்கிறோம். இரவு பத்து மணிக்கும் மின்விசிறி அனல் காற்றைத்தான் வீசுகிறது. என்ன செய்யலாம்?"

கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலை உள்வாங்கி, சில மணி நேரம் கழித்தே அதை அறைக்குள் விடுகிறது. இரவு எட்டு மணிக்குக் கூரையின் அடிப்பகுதியையும், வெயில் படாத ஒரு சுவரையும் தொட்டுப் பாருங்கள். கூரை தெளிவாகச் சூடாக இருந்தால் மேலிருந்துதான் வெப்பம் இறங்குகிறது.

முதலில் வெயிலைத் திருப்பி அனுப்புங்கள். பாசியைச் சுரண்டிக் கழுவி, விரிசல்களை அடைத்து, தளம் நன்றாகக் காய்ந்த பிறகு வெள்ளை நிறப் பிரதிபலிப்புப் பூச்சை இரண்டு முறை அடிக்க வேண்டும். ஈரத்தின் மேல் அடித்தால் அது கொப்பளித்து உரியும். புதிய பூச்சு ஏறத்தாழ 80 சதவீத வெயிலைத் திருப்பிவிடும் என்றாலும், தூசி படிந்தால் அந்தத் திறன் குறையும் என்பதால், ஒவ்வொரு கோடைக்கு முன்பும் கழுவுவது அவசியம்.

அதுவும் போதாவிட்டால், வெப்பத்தைத் தடுக்கும் 50 மி.மீ. எக்ஸ்ட்ரூடட் பாலிஸ்டைரீன் பலகையை நீர்த்தடுப்புப் பூச்சின் மேல் பரப்பி, மழைநீர் வடியும் வாட்டம் குறையாமல் சிமென்ட் காரை போட்டு ஓடு பதிக்கலாம். உள்ளே பொய்க்கூரை அமைப்பதைவிட இதையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் தளமே சூடாகாமல் தடுக்கப்படுகிறது.

வெளிக்காற்று அனலாக வீசும் பகலில் சன்னல்களை மூடி, இரவில் எதிரெதிரே திறந்து, உயரத்தில் ஒரு எக்ஸாஸ்ட் மின்விசிறியை ஓடவிடுங்கள்.